கடதாசிப் பாவைக்குப் பெயர் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா | திங்கள், இரவு 9.10

வரும் சனிக்கிழமை என் மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. வீட்டோடு ஒரு சின்ன விழா. நான்கு வயது முதல் பத்து வயது வரை பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். கேக் வெட்டுவதற்கு முன், பிள்ளைகளே கடதாசிப் பாவை செய்து அதற்குப் பெயரும் குணமும் கண்டுபிடிக்கும் விளையாட்டை வைக்க எண்ணியிருக்கிறேன்.

போன வருடம் அண்ணன் வீட்டில் இதே விளையாட்டு நடந்தது. பாவை செய்து முடியும்வரை எல்லாம் அழகாகத்தான் போனது. பிறகு பிள்ளைகளை வட்டமாக இருத்தி, "உன் பாவையின் பெயர் என்ன? அது எப்படிப்பட்டது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். முதலாவது பையன் தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் வீரன் ஒருவனின் பெயரைச் சொன்னான். அடுத்த எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். குணம் என்று கேட்டால் "நல்லவன்" அல்லது "கெட்டவன்", அதோடு சரி. பிறகு கெட்டவர்கள் நல்லவர்களைக் கடிக்கத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் பாவைகள் கந்தலாகிவிட்டன. இடையில் ஒரு நான்கு வயதுக் குட்டி, பெயர் சொல்லத் தெரியவில்லை என்று தாயின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதது.

பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று நான் நம்பவில்லை. நாங்கள் கேட்ட விதத்தில்தான் எங்கோ பிழை இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றான் | திங்கள், இரவு 9.34

மிக எளிது. சீட்டு எழுதுங்கள். "கஞ்சன்", "பயந்தாங்கொள்ளி", "வாயாடி", "சோம்பேறி", "பெருமைக்காரி" என்று பன்னிரண்டு சீட்டு எழுதி ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்குங்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். குணம் கையில் வந்துவிட்டால் பெயர் தானாக வரும். ஒரே குணம் இரண்டு பேருக்கு வராது, சண்டையும் இருக்காது. எங்கள் அலுவலக ஒன்றுகூடலில் பெரியவர்களுக்கே இப்படித்தான் செய்தோம், வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கூத்து இரசிகன் | திங்கள், இரவு 10.02

பாவைக் கலையை நாடும் ஒருவரையாவது இந்தத் தலைமுறையில் கண்டதில் மகிழ்ச்சி, மகளே. ஆனால் கடதாசியில் ஏன்? அம்பலாங்கொடையில் மரப்பாவைக்குக் கயிறு கட்டி ஆட்டும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2018 இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் அந்தக் கயிற்றுப் பாவை நாடகத்தைச் சேர்த்தது. அப்படி ஒரு குழுவை அழைத்து ஆடவிட்டால் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்கள். திருகோணமலைக்கு வந்து போகும் செலவைப் பேசிப் பார்க்கலாம்.

உப்புவெளி அம்மா | திங்கள், இரவு 10.15

ஐயா, நன்றி. இது பதினொரு பிள்ளைகளும் ஒரு கேக்கும் உள்ள விழா. ஆட்டம் பார்ப்பது அல்ல, பிள்ளைகளே செய்து விளையாடுவதுதான் நோக்கம்.

கூத்து இரசிகன் | திங்கள், இரவு 10.21

ஓ, அப்படியா. நான் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டேன். தொடருங்கள், நானும் வாசிக்கிறேன்.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | செவ்வாய், காலை 6.20

முன்பள்ளியில் முப்பது வருடம் இருந்தவள் நான். எத்தனை பாவைக்குப் பெயர் வைத்தோம் என்று எண்ணியதில்லை. உங்கள் கேள்வியில் நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள்: கேட்ட விதம்தான் பிழை.

பெயர் என்பது கடைசியில் வர வேண்டியது. நீங்கள் அதை முதலில் கேட்டீர்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை வெறும் கடதாசியாக இருந்த ஒன்றின் பெயரைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல் என்றால் பிள்ளை என்ன செய்யும்? ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும். முதலாவது பிள்ளை சொன்னது எதுவோ அதுதான் அந்த நேரத்தில் ஆபத்தில்லாத பெயர். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னது கற்பனைக் குறைவால் அல்ல, புத்திசாலித்தனத்தால்.

நான் கேட்கும் வரிசை வேறு. முதலில் குரல். "இவர் தும்மினால் எப்படிச் சத்தம் வரும்?" என்று கேட்பேன். தும்மலுக்குச் சரி, பிழை கிடையாது. வெட்கப்படும் பிள்ளையும் தும்மிவிடும். தும்மின குரலிலேயே அடுத்த வார்த்தையும் வந்துவிடும், அதுதான் தந்திரம். இரண்டாவது, எதற்குக் கோபம் வரும். "நல்லவரா கெட்டவரா" என்று மறந்தும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பிள்ளை ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு சண்டைக்குத் தயாராகிவிடும். "எதற்குக் கோபம் வரும்" என்றால், "என் தொப்பியைத் தொட்டால்" என்று ஒரு விடை வரும். அதற்குள் குணமும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. இதெல்லாம் ஆன பிறகுதான் பெயர். அப்போது பெயர் தானாகவே தொப்பிக்காரராகவோ, தும்மல் ராணியாகவோ வந்து நிற்கும்.

இன்னொன்று. கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது, பாவையிடம் கேட்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், குனிந்து பாவையின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளை உங்கள் பார்வையில் இருந்து தப்பிவிடும், பாவைதான் மாட்டிக்கொள்ளும்.

தம்பி பாலையூற்றான், உங்கள் சீட்டுமுறை முழுப் பிழை என்று சொல்லமாட்டேன். ஒரே மாதிரி வராமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் "கஞ்சன்" என்று சீட்டு எடுத்த ஏழு வயதுப் பிள்ளை, "தரமாட்டேன், தரமாட்டேன்" என்று மட்டும்தான் சொல்லும். அதோடு, அது தன் கையால் ஒட்டின காதுக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. ஒரு காது பெரிதாக வந்துவிட்டதா? அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "இந்தக் காதால் எவ்வளவு தூரம் கேட்கும்? நிலாவெளியில் பேசினால் கேட்குமா?" என்று கேளுங்கள். பிழையாக வெட்டின காது அந்தக் கணமே அந்தப் பாவையின் குணமாகிவிடும்.

பாலையூற்றான் | செவ்வாய், காலை 7.05

டீச்சர், மதிப்போடு சொல்கிறேன், பத்து வயதுப் பிள்ளைகளிடம் "தும்மல்" எடுபடாது. "நாங்கள் சின்னப் பிள்ளைகளா" என்பார்கள். அவர்களுக்குச் சீட்டுத்தான் சரி. குறைந்தது பெரியவர்களுக்காவது வைத்துப் பாருங்கள், அக்கா.

உப்புவெளி அம்மா | செவ்வாய், காலை 8.40

டீச்சர், எந்த வகைப் பாவை என்றும் சொல்லுங்கள். போன வருடம் அட்டையில் உருவம் வெட்டி ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டினோம்.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | செவ்வாய், மாலை 4.50

குச்சிப் பாவையைப் பிள்ளை தூக்கிக் காட்டும். வாய் அசையும் பாவையோ பிள்ளையின் கையோடு சேர்ந்து பேசும். இந்த விளையாட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும். குச்சியைப் பிடித்தால் அது வாளாகவும் மாறிவிடும், பார்த்திருப்பீர்கள்.

ஒரு ஏ4 தாள் போதும். நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு நீளமான பட்டி கிடைக்கும். திறந்திருக்கும் ஓரத்தைச் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள், இப்போது அது தட்டையான குழாய். அதைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். பிறகு இரண்டு நுனிகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, நடு மடிப்போடு சேரும்படி மடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் விசிறி மடிப்புப் போல இருக்கும். பின்புறம் மேலே ஒரு பை, கீழே ஒரு பை தெரியும். மேலே நான்கு விரல், கீழே பெருவிரல். விரலை விரித்தால் வாய் திறக்கும். கண், காது, மயிர் எல்லாம் மேல்பக்கத்தில் ஒட்டலாம்.

பெரியவர்களின் நான்கு விரலும் அந்தப் பைக்குள் புகாது. உங்களுக்கு வேண்டிய பாவைக்கு மூன்றாக மடிக்காமல் இரண்டாக மடியுங்கள், கொஞ்சம் தடித்த தாளில்.

மடிப்பு வேலையை ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் விடாதீர்கள். முதல் நாளே பதினைந்து குழாய் மடித்து வையுங்கள். பதினொன்று போக மீதி கிழிவதற்கு. பிள்ளைகள் முகம் மட்டும் செய்தால் இருபது நிமிடம் போதும். வெள்ளைப் பசையைப் போத்தலோடு கொடுக்க வேண்டாம். நாக்கு ஒட்டுகிறேன் என்று வாய்க்குள் ஊற்றிவிடுவார்கள், வாய் மூடி ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தாள் உரியும். பசைக்குச்சி கொடுங்கள்.

விறாந்தையில் வைக்காதீர்கள். இந்த மாதத்தில் கச்சான் காற்று வெட்டின கண்ணையெல்லாம் அடுத்த வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கிண்ணியா ராத்தா | செவ்வாய், இரவு 8.15

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் உருவம் வரைவதை விரும்பாத பெரியவர்கள் இருக்கிறார்கள். மாமியின் மனம் நோகக் கூடாது என்று, கண் மூக்கு வைக்காமல் காய்கறிப் பாவை செய்தோம். கத்தரிக்காய், பாகற்காய், வெங்காயம், முருங்கைக்காய். எல்லாவற்றுக்கும் வாய் மட்டும் உண்டு.

முகம் இல்லாவிட்டால் குணம் வராது என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. பாகற்காய், "என்னை ஒருவருக்கும் பிடிக்காது, எனக்கும் ஒருவரையும் பிடிக்காது" என்றது. வெங்காயம், தான் அழவில்லை, மற்றவர்கள்தான் அழுகிறார்கள் என்று கடைசிவரை வாதாடியது. என் மகன் தன் முருங்கைக்காய்க்கு "நெட்டை ஹாஜியார்" என்று பெயர் வைத்தான். அந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தவர் மாமிதான்.

ஒரு சந்தேகம் டீச்சர். பதினொரு பேர் இருந்தால், ஒருவர் பேசும்போது மற்றப் பத்துப் பேர் என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஆறு பேர்தான், அதற்கே பொறுமை போதவில்லை.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | புதன், காலை 6.05

நல்ல கேள்வி, பிள்ளை. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் பதினொரு பேருக்கு இருபத்திரண்டு நிமிடம். கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது அதன் பாவை பக்கத்துப் பாவையைக் கடித்து முடித்திருக்கும். வட்டத்தில் இருத்தியதே அண்ணன் வீட்டில் நடந்த இரண்டாவது பிழை.

இரண்டிரண்டு பேராக விடுங்கள். ஒரு பாவை இன்னொரு பாவையோடு பேசட்டும், எல்லாரும் ஒரே நேரத்தில். சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. நீங்கள் ஒவ்வொரு சோடியாகப் போங்கள். போகும்போது உங்கள் கையிலும் ஒரு பாவை இருக்கட்டும். அது ஒரு பதிவாளர்.

பிறப்புப் பதிவாளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு கொப்பி, காது சரியாகக் கேட்காது, எல்லாவற்றையும் பிழையாக எழுதுவார். பிள்ளை "மின்னல் பாட்டி" என்று சொன்னால் அவர், "என்ன, பின்னல் பாட்டியா?" என்பார். பிள்ளை திருத்தும். "தின்னல் பாட்டியா?" மறுபடியும் திருத்தும். மூன்று தரம் சத்தமாகத் திருத்தின பெயரை அந்தப் பிள்ளை பிறகு மாற்றாது. பெயர் சொல்லத் தயங்கும் பிள்ளைகூட, ஒருவர் பிழையாகச் சொல்லும்போது திருத்தாமல் இருக்கமாட்டாது. கொப்பியில் மூன்றே மூன்று விடயம்: எங்கே வசிக்கிறார், எதற்குக் கோபம் வரும், பெயர். அந்த வரிசையில். தும்மல் அதற்கு முன்பே, சோடியாக இருத்தும்போதே முடிந்துவிட வேண்டும்.

பதிவாளருக்கு மட்டும் பெயரும் வேடிக்கையும் அதிகம் வேண்டாம். பெரியவரின் பாவை அழகாக இருந்தால் பிள்ளைகள் தங்கள் பாவையைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூதூர்த் தம்பி | புதன், பகல் 12.30

நான் தனியார் வகுப்பு நடத்துகிறேன். சின்னவர்களுக்கு ஒருநாள் இதைச் செய்தபோது ஒரு சங்கடம் வந்தது. ஒரு பையன் தன் பாவைக்குத் திக்கித் திக்கிப் பேசும் குரல் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அதே வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளை ஒன்று இருந்தது. நான் அந்தப் பையனை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். ஏசின பிறகுதான் நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை தெரியாதவர்களுக்கும் யாரைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது. என்ன செய்திருக்க வேண்டும், டீச்சர்?

ஓர்ஸ் ஹில் டீச்சர் | புதன், மாலை 5.15

தம்பி, எனக்கும் நடந்திருக்கிறது. பட்டப்பெயர், நொண்டல், திக்கல், அடுத்த தெருக் கடைக்காரரின் நடை, எல்லாம் பாவையின் வாயில் வரும். பெயரில் வந்தால் பதிவாளர் வேலைக்கு வருவார். கொப்பியைப் புரட்டி, "மன்னிக்க வேண்டும், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் பதியப்பட்டிருக்கிறார், வேறு பெயர் தாருங்கள்" என்பார். அவ்வளவுதான். யாருடைய பெயர், ஏன் கூடாது என்ற விசாரணை இல்லை. பிள்ளைக்கு விளங்கிவிடும்.

குரலில் வந்தால் அது கடினம். நான் செய்வது, "இவருக்குத் தடிமன் பிடித்திருக்கிறது போல, பாணி குடிக்கக் கொடுங்கள்" என்று குரலை மாற்றவைப்பது. அது எப்போதும் பலிப்பதில்லை. ஒருமுறை பாவை, "எனக்குத் தடிமன் இல்லை" என்று திக்கித் திக்கியே பதில் சொன்னது. அன்று விளையாட்டை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

பாலையூற்றான் | புதன், இரவு 9.00

கார்ட்டூன் பெயர்களுக்கும் அதே பதிவாளர் தடையைப் போட்டுவிடலாமே? "ஏற்கெனவே பதியப்பட்டது" என்று.

கிண்ணியா ராத்தா | புதன், இரவு 9.12

அது சரியாகப் படவில்லை. என் மகள் இரண்டு வருடமாக ஒரே கார்ட்டூன் இளவரசிதான். அந்தப் பெயரைத் தடுத்தால் அவள் விளையாடவே மாட்டாள்.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | வியாழன், காலை 6.10

நான் தடுப்பதில்லை. "எங்கே வசிக்கிறார்?" என்று மட்டும் கேட்பேன். இளவரசி கிண்ணியாவில் இருக்கிறாளா? பாலத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறாளா? சைக்கிளிலா? அந்தப் பாலத்தில் காற்றுக்கு அவளது முடி என்ன ஆகும்? இரண்டு கேள்வியில் அவள் தொலைக்காட்சியை விட்டு வெளியே வந்துவிடுவாள். வராவிட்டாலும் குடி முழுகாது.

உப்புவெளி அம்மா | சனி, இரவு 10.50

விழா முடிந்தது. வீடு முழுவதும் கடதாசித் துண்டு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு பேரில் ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை, பத்துப் பேர், ஐந்து சோடி. வெள்ளிக்கிழமை இரவே குழாய்கள் மடித்து வைத்தேன். ஹோலில் மின்விசிறியை நிறுத்தி யன்னலைச் சாத்தியதால் எல்லாருக்கும் வியர்த்து வழிந்தது, அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். பசைக்குச்சி கடையில் நான்குதான் கிடைத்தது. மீதிக்கு வெள்ளைப் பசையைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். அதனால் வந்ததுதான் இன்றைய கதை.

என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி, பொதுவாக எங்கள் வீட்டில் வாயே திறக்காதவள். நாக்கு ஒட்டும்போது பசை வழிந்து பாவையின் வாய் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் ஒரு விரலளவு இடம் மட்டும்தான் திறந்தது. கண் கலங்கிவிட்டாள். வேறு குழாய் எடுத்துத் தருகிறேன் என்று எழும்பினேன். அப்போது டீச்சர் சொன்ன காது நினைவுக்கு வந்தது. திரும்பவும் இருந்து, பதிவாளரைக் குனிய வைத்து, "அம்மணி, உங்கள் வாய்க்கு என்ன நடந்தது?" என்று பாவையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஓரத்து இடைவெளியால் மிக மெல்லிய குரல் வந்தது: "ஊரில் எல்லாரும் எனக்கு இரகசியம் சொல்வார்கள். வெளியில் போகக் கூடாது என்று ஒட்டி வைத்திருக்கிறேன்."

நான் ஆடிப்போனேன். பதிவாளர் தன் வேலையை மறந்துவிட்டார்.

எங்கே வசிக்கிறார்? பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். எதற்குக் கோபம்? காதுக்குள் சத்தமாகக் கத்தினால். பெயர்? "குசுகுசு மாமி". பதிவாளர் பிழையாகச் சொல்வதற்கு முன்பே பையன்கள் பெயரின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு சிரித்தார்கள். மாற்றிவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ மாமியை அவர்கள் பக்கம் திருப்பி, அதே மெல்லிய குரலில், "உங்கள் இரகசியமும் என்னிடம் இருக்கிறது" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசைச் சொட்டு பட்டுப் புள்ளி புள்ளியான ஒரு பாவை, கோட்டைக்குள் திரியும் மானாகிவிட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் பையைத் தின்றுவிட்டு, "நான் அருச்சனைத் தட்டைத்தான் தேடினேன்" என்று சமாதானம் சொல்லும் மான். பெயர் "பை ஐயா". என் மகளுடையது கன்னியாவில் குளிக்கப் பயப்படும் ஒரு வாத்து. ஏழு கிணற்றிலும் ஏழு விதமாகச் சுடுகிறதாம். நான்கு வயதுக் குட்டி தன் பாவைக்குத் தன் பெயரையே வைத்தது. கோபம் எதற்கு என்றால், "நித்திரைக்குப் போகச் சொன்னால்." அழவில்லை.

பாலையூற்றான் அண்ணா, பத்து வயதுப் பையன்கள் இருவருக்கு உங்கள் சீட்டைக் கொடுத்தேன். நீங்கள் சொன்னது போலவே தும்ம மறுத்துவிட்டார்கள், சீட்டை உடனே வாங்கிக்கொண்டார்கள். ஒருவனுக்குக் "கஞ்சன்". டீச்சர் சொன்னது போலவே பத்து நிமிடம் "தரமாட்டேன்". நான் பொறுக்க முடியாமல் பதிவாளரை அனுப்பி, "எதையாவது கேட்காமலே கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அறிவுரை" என்றான். அதன் பிறகு அந்தக் கஞ்சன் எல்லாருக்கும் அறிவுரை கொடுத்துத் திரிந்தது. மற்றவன் "சோம்பேறி" எடுத்தான், பாவையைப் படுக்க வைத்துவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டான். அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமோ தெரியவில்லை.

பாலையூற்றான் | சனி, இரவு 11.05

சோம்பேறிக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். சீட்டு வென்றது என்று எழுதிக்கொள்கிறேன்.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | ஞாயிறு, காலை 6.30

சீட்டு வெல்லவில்லை தம்பி, சீட்டுக்குப் பிறகு கேட்ட கேள்விதான் வென்றது. ஆனாலும் பெரிய பிள்ளைகளை உட்கார வைக்கச் சீட்டு உதவியதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆறு வயதுக்கு மேல் கற்பித்தவள் அல்ல.

மகளே, ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் பாவையைப் பற்றிப் பேசும்போது "அது" என்றார்களா, "அவர்" என்றார்களா?

உப்புவெளி அம்மா | ஞாயிறு, காலை 9.20

இப்போதுதான் யோசிக்கிறேன், டீச்சர். செய்யும்போது எல்லாம் "அது": "அதற்குக் காது ஒட்டுகிறேன்", "அது கிழிந்துவிட்டது." போகும் நேரத்தில் அந்தத் தோழி தாயிடம், "மாமி களைத்துவிட்டார், அவரைப் பைக்குள் வைக்க வேண்டாம், மூச்சு முட்டும்" என்றாள். மான் மட்டும் கடைசிவரை "அது"தான். மான் என்பதாலா, அல்லது உயிர் வரவில்லையா?

ஓர்ஸ் ஹில் டீச்சர் | ஞாயிறு, காலை 9.45

நான் காது கொடுத்துக் கேட்பது இந்த இடத்தைத்தான். "அது" எப்போது "அவர்" ஆகிறது என்று. பெயர் சொன்னதும் ஆவதில்லை. கோபம் எதற்கு என்று சொன்ன பிறகுதான் பெரும்பாலும் மாறும். இன்னொரு அடையாளமும் உண்டு: யாராவது பேசினால் பிள்ளை தன் முகத்தைத் திருப்பாமல் கையைத் திருப்பும், பாவை அந்தப் பக்கம் பார்க்கும். உங்கள் குசுகுசு மாமி பையன்கள் பக்கம் திரும்பியது அதுதான்.

மானைப் பற்றி எனக்குத் தெரியாது. மிருகத்துக்கு நாங்கள் "அது" என்றுதானே சொல்லிக் கொடுக்கிறோம்.

கிண்ணியா ராத்தா | ஞாயிறு, காலை 10.10

எங்கள் பாகற்காய் "அவன்" ஆகிவிட்டான். அதனால் மிருகம் என்பது காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

மூதூர்த் தம்பி | ஞாயிறு, பகல் 1.15

பெயரில் "ஐயா" இருந்தும் "அது" என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள். "பை ஐயா தின்றுவிட்டதா", "பை ஐயா தின்றுவிட்டாரா"? அவன் எப்படிச் சொன்னான் அக்கா?

உப்புவெளி அம்மா | செவ்வாய், இரவு 8.30

தம்பி, "பை ஐயா தின்றுவிட்டது" என்றுதான். நானும் என் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இன்று புதிய சிக்கல். மகளின் வாத்து நடு மடிப்பில் கிழிந்துவிட்டது. மூன்று நாளாக ஓயாமல் வாயைத் திறந்து மூடினால் வேறு என்ன ஆகும்? செலோடேப் ஒட்டினேன், வாய் விறைத்துவிட்டது, சரியாகத் திறக்கவில்லை. புதிய தாளில் அதே போல ஒன்று செய்து, "இதோ உன் வாத்து" என்று கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. "இது அவளுடைய தங்கச்சி, இவளுக்கு இன்னும் பெயர் இல்லை" என்கிறாள். பழையதை எறியவும் விடுகிறாள் இல்லை. பதிவாளர் வந்து எழுத வேண்டுமாம். அந்தப் பாவையை நான் குப்பையோடு எறிந்துவிட்டேன்.

ஓர்ஸ் ஹில் டீச்சர் | செவ்வாய், இரவு 8.41

புதிய பதிவாளர் செய்யுங்கள். முன்னையவர் இடமாற்றம் பெற்று மூதூருக்குப் போய்விட்டார் என்று சொல்லுங்கள். தடித்த தாள், இரண்டாக மடிப்பது, மறக்க வேண்டாம்.

மூதூர்த் தம்பி | செவ்வாய், இரவு 8.50

இங்கே இன்னும் கடமையேற்கவில்லை, டீச்சர்.